திடுக்கிட்டவள் வசனம் பேசுவதில்லை

ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் சித்திரக்கதை வரைந்துகொண்டு வருவார்கள். நான் பார்த்துத் திருத்திக் கொடுப்பேன். கோடு கோணலாக இருப்பது, எழுத்துப்பிழை, பேச்சுப் பலூனின் வால் வேறு ஆளைக் காட்டுவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நாலு தடவை வரைந்தால் அவை தாமாகச் சரியாகிவிடும். ஆச்சரியம் வரும் இடத்தில் செய்யும் தவறுகள் மட்டும் அப்படிப் போவதில்லை. என் பழைய தாள்களில் இருந்த அதே கோளாறு, ஒவ்வொரு வருடமும் புதுக் கையெழுத்தில் வந்து நிற்கிறது.

உணர்ச்சியின் பெயரைப் பலூனுக்குள் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு பிள்ளை நல்ல கதை ஒன்று கொண்டுவந்தாள். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி செடியை விலக்குகிறாள். அடியில் சிறுத்தை படுத்திருக்கிறது. நம் ஊரில் எல்லோரும் அதைப் புலி என்றுதான் சொல்வோம். பொகவந்தலாவை, நோர்வூட் பக்கம் தேயிலைக்குள் புலி படுத்திருப்பதும் குட்டி போட்டிருப்பதும் யாரும் கேள்விப்படாத சங்கதியல்ல. பனி, சரிவு, படங்கு கட்டிய இடுப்பு, முதுகுக் கூடை எல்லாம் அழகாக விழுந்திருந்தன. பலூனுக்குள் இருந்தது இது:

"ஐயோ! என்ன ஆச்சரியம்! இந்தத் தேயிலைச் செடிக்கு அடியில் ஒரு சிறுத்தை படுத்திருக்கிறதே! நான் அதிர்ச்சியில் திகைத்துப் போய்விட்டேன்!"

முதலில் இடக்கணக்கைப் பாருங்கள். ஏ4 தாளைக் குறுக்காக வைத்து நாலு கட்டம் போட்டால், ஓரமும் இடைவெளியும் போக ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய 65 மில்லிமீற்றர் அகலம் கிடைக்கும். கையெழுத்து 4 மில்லிமீற்றர் உயரம் என்றாலும், மேலே ஏறும் வளைவுக்கும் கீழே இறங்கும் சுழிக்கும் இடம் விட வேண்டும். ஆகவே தமிழில் ஒரு வரி 8 மில்லிமீற்றர் கேட்கும். அந்த வசனம் பலூனுக்குள் ஒன்பது வரியாக மடங்கியிருந்தது. கட்டத்தின் உயரம் 100 மில்லிமீற்றர். பலூன் மட்டும் 72ஐத் தாண்டிவிட்டது. புலியின் வால்தான் மிச்சம். மையால் வரைந்து முடித்த தாள் என்பதால் அழிக்கவும் வழியில்லை. முழுத்தாளையும் திரும்ப வரைந்தாள்.

இடம் போனது ஒரு நட்டம். அதைவிடப் பெரிய நட்டம், கதையே செத்துப்போனது. திகைத்துப்போனவள் "நான் திகைத்துப்போனேன்" என்று அறிக்கை விடுவாளா? திடுக்கிட்டாள், துணுக்குற்றாள், திகைத்தாள், வியந்தாள், அசந்துபோனாள், மலைத்தாள், பிரமித்தாள், வாயடைத்துப்போனாள் எல்லாமே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் சொல்கிற சொற்கள். கட்டத்தின் மேல் ஓரத்தில் கதை சொல்லும் செவ்வகப் பெட்டி இருக்கிறதே, அவை அங்கே இருக்கட்டும். பலூனுக்குள் வர வேண்டியது அவள் வாயிலிருந்து உண்மையில் விழும் சத்தம்.

அப்படியானால் இத்தனை சொற்களும் வீணா? இல்லை. பலூனை எழுதுவதற்கு முன் பென்சிலால் தாளின் ஓரத்தில் அவற்றைத்தான் எழுத வேண்டும். இந்தக் கட்டத்தில் அவள் திடுக்கிடுகிறாளா, திகைக்கிறாளா, மலைக்கிறாளா என்று முடிவு செய்தால், முகமும் சத்தமும் அந்த ஒரு சொல்லிலிருந்தே வந்துவிடும்.

அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து அதைத்தான் செய்தோம். முதல் கட்டத்துக்கு ஓரக்குறிப்பு 'திடுக்கிட்டாள்'. திடுக்கிடுவது உடம்பின் வேலை. என்ன ஏதென்று மூளைக்குத் தெரிவதற்கு முன்பே, அரை நொடிக்குள், கண் இறுக மூடும், தோள் காது வரை ஏறும், கழுத்து உள்ளே இழுக்கும். எதைப் பார்த்தோம் என்றே தெரியாதவள் 'சிறுத்தை' என்று எப்படிச் சொல்வாள்? அதனால் பலூனில் "ஹக்!" மட்டும். கூடையிலிருந்து நாலு கொழுந்து பறக்கிறது. அந்தப் பிள்ளை முதலில் கண்ணை விரியத் திறந்துதான் வரைந்திருந்தாள். எல்லோரும் அப்படித்தான் வரைவார்கள். விரிந்த கண்ணும் ஏறிய புருவமும் அடுத்த படிக்கு உரியவை.

இரண்டாம் கட்டம் 'திகைத்தாள்'. இப்போது கண் விரிகிறது, வாய் திறக்கிறது, புருவம் ஏறுகிறது. புலி என்று தெரிந்துவிட்டது. ஓடுவதா நிற்பதா என்று தெரியவில்லை. திகைப்பு என்றால் அதுதான், அடுத்து என்ன செய்வது என்று அறியாமல் நிற்பது. பலூன் பெரியது, எழுத்து சின்னது: "பு... பு..." சுற்றிலும் வெள்ளை. வழக்கமாகப் பயம் என்றாலே எழுத்தைப் பெரிதாக்குவார்கள். பெரிய பலூனுக்குள் சின்ன எழுத்தைப் போட்டால்தான் தொண்டை அடைத்தது தெரியும்.

மூன்றாம் கட்டத்தில் அடுத்த நிரையிலிருந்து ஒருத்தி, "என்னாக்கா, அட்டை கடிச்சிருச்சா?" என்கிறாள். இவளுக்குப் பலூனே கிடையாது. ஓரக்குறிப்பு 'வாயடைத்துப்போனாள்'. வாயடைத்தவளுக்குப் பலூன் கொடுத்தால் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை? விரல் மட்டும் செடியைக் காட்டுகிறது.

நாலாம் கட்டம் வரை அந்தப் பிள்ளையிடம் இருந்தது புலி மட்டும்தான். இனி என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெரியது எழும்பிப் போயிருச்சு சேர். அடியில குட்டி" என்றாள். சரி, வியப்பு இப்போதுதான் வருகிறது. இரண்டு பேரும் குனிந்து பார்க்கிறார்கள். கண் திறக்காத இரண்டு குட்டிகள். பலூனில் மெதுவான குரல்: "ஆத்தி... இத்தினியூண்டு."

இரண்டு சொல். ஒரே வரி. குட்டிகளை வரையக் கட்டம் முழுக்க இடம் இருந்தது.

முதல் கட்டத்திலேயே "அடேங்கப்பா!"

அதற்கு மேல் ஏறப் படி இல்லை.

பயத்துக்கும் வியப்புக்கும் ஒரே முகம்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. வியப்புக்கு அது தரும் பெயர் மருட்கை. அது பிறக்கும் இடங்கள் நாலு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். அச்சம் தனி. அது பிறக்கும் இடங்களில் ஒன்று விலங்கு. பழைய இலக்கணம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். படம் வரைகிறவனுக்கு இதைவிடக் கைக்கு உதவும் பட்டியல் கிடைக்காது.

மேலே சொன்ன கதையில் புலி அச்சத்தில் சேரும், குட்டி சிறுமையில் சேரும். அதனால்தான் நாலாம் கட்டத்தில் குரல் தாழ்ந்தது. சின்னதைக் கண்டு வியப்பவர் கத்தமாட்டார், கிட்டப் போய்க் குனிவார். பெரியதைக் கண்டால் நேர்மாறு. மழைக்காலத்தில் நீர்வீழ்ச்சியை முதன்முதலாகப் பார்க்கிற கொழும்புப் பையனின் உடம்பு பின்னால் சாயும், தலை நிமிரும், "அம்மாடியோவ்" என்று சத்தம் நீளும். அது மலைப்பு. நேற்றுப் பறித்த பச்சைக் கொழுந்து தொழிற்சாலைக்குள் வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து கறுப்புத் தூளாக வருவதைப் பார்க்கிற பிள்ளைக்கு வருவது ஆக்கத்தின் வியப்பு. அதற்கு ஒரு கேள்வி பொருந்தும்: "இதுவா அது?" புதுமைக்கு "அட!" போதும். எதைப் பார்த்து வியக்கிறார் என்று தெரியாமல் எந்தச் சொல்லையும் எடுக்க முடியாது.

மூன்று வியப்புக்குறி

ஒன்று போதும்.

எல்லோருடைய வாயிலும் ஒரே சத்தம்

ஒரு தாளில் பாட்டி, கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூடப் பையன் மூன்று பேரும் "ஆஹா!" என்கிறார்கள். ஆஹா என்று நம் லயத்தில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பாட்டி "ஆத்தாடி" என்பார், அல்லது "அடக் கடவுளே". பையன் "எம்மாடி" என்பான், கொழும்புக்குப் போய்வந்தவனாக இருந்தால் "வாவ்". கணக்கப்பிள்ளையின் பாடு கொஞ்சம் சிக்கல். கீழே ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர் திடுக்கிட்டதைக் காட்டிக்கொள்ள மாட்டார். "ம்?" என்று ஒரு எழுத்து, கையில் பேர்ப் புத்தகம் நழுவுவது போல ஒரு படம். அவருடைய ஆச்சரியம் முழுக்கப் படத்தில் இருக்கிறது, பலூனில் இல்லை. சிரிப்பும் அங்கேதான் வரும்.

பக்கத்து வீட்டுக் காம்பிராவில் நாலு நாள் காதைக் கொடுங்கள். திரைப்பட வசனத்திலிருந்து எடுக்காதீர்கள்.

இழுக்கத் தெரியாமல் இழுப்பது

கைபேசியில் எழுத்துப் போடுகிறவர்களிடம் இது அடிக்கடி வருகிறது. சத்தத்தை நீட்ட வேண்டும் என்று துணைக்காலை நாலு தடவை தட்டுவார்கள். முதல் காலுக்கு எழுத்து இருக்கிறது, மற்ற மூன்றும் நிற்க இடமில்லாமல் புள்ளிவட்டத்தோடு தனித்தனியாகத் தொங்கும். அச்சில் பார்த்தால் அம்மாவுக்குப் பின்னால் மூன்று சைபர் ஓடுவது போல இருக்கும்.

தமிழில் இதற்கு அளபெடை இருக்கிறது. நெடிலுக்குப் பின்னால் அதன் இனக்குறிலைத் தனி எழுத்தாகப் போட்டால் போதும்: அம்மாஅ, ஐயோஒ, அடியேஎ. இன்னும் நீள வேண்டுமா, குறிலை இன்னொரு தடவை: ஐயோஒஒ. எழுத்துரு எதுவானாலும் உடையாது. கையால் எழுதினால் ஒவ்வொரு குறிலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கிக்கொண்டு போகலாம், குரல் பள்ளத்துக்குள் இறங்குவது தெரியும். ஒன்றைமட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நீட்டல் மலைப்புக்கும் கூப்பாட்டுக்கும் சரி, திடுக்கிடலுக்கு ஆகாது. "ஹக்" என்பதை நீட்ட முடியாது, அது வல்லினத்தில் முட்டி நின்றுவிடுகிறது. திடுக்கிடும் கட்டத்துக்கு இப்படிப் புள்ளிவைத்த வல்லெழுத்தில் முடியும் சத்தமாகப் பார்த்து எடுங்கள்.