அழைப்புப் பொத்தான், வாட்ஸ்அப் பொத்தான்: எண்ணில் கோட்டை விடாதீர்கள்

புதிதாக இணையதளம் செய்கிறவர்கள் சிலர், வெளியிடுவதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டுவார்கள். போன வாரம் வந்த ஒரு பக்கத்தில் பச்சைப் பொத்தான் வலது ஓரத்தில் அழகாக மிதந்துகொண்டிருந்தது. அழுத்திப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தப்பு, எழுத்து மாறாமல்.

படிவம் நிரப்பப் பொறுமை இல்லாதவருக்காகத்தான் இந்தப் பொத்தான்களையே வைக்கிறோம். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் அவர் திரும்பி வந்து படிவத்தை நிரப்பப்போவதில்லை. நிறம் சரியில்லை, ஐகான் மங்கல் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை கண்ணிலேயே பட்டுவிடும்.

## எண்ணை வாயால் சொல்கிற மாதிரியே இணைப்பில் எழுதுவது

பழுதுபார்க்கும் சேவை நடத்தும் ஒருவருக்குத் தளம் செய்து கொடுத்தேன். அவர் சொன்ன எண்ணை அப்படியே இரண்டு பொத்தான்களிலும் போட்டேன். அவருடைய எண்ணை இங்கே எழுத முடியாது. அதற்குப் பதிலாக, நாடகங்களில் காட்டுவதற்கென்றே பிரிட்டனில் ஒதுக்கி வைத்திருக்கும் எண்களில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

```html
<a href="tel:07700900123">07700 900123</a>
<a href="https://wa.me/07700900123">வாட்ஸ்அப்</a>
```

முதல் பொத்தானை என் போனில் அழுத்தினேன், மணி அடித்தது. இரண்டாவதை அழுத்தினால் வாட்ஸ்அப் திறந்தது. திறந்ததே போதும் என்று மூடிவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

முன்னால் நிற்கும் 0 எண்ணின் பகுதி அல்ல. நாட்டுக்குள் அழைக்கும்போது தொலைபேசி வலையமைப்புக்குக் கொடுக்கும் ஒரு சைகை, அவ்வளவுதான். அதே நாட்டு சிம் போட்ட போனில் அது செல்லும். `wa.me` இணைப்புக்கு நாட்டுக் குறியீட்டில் தொடங்கும் முழு எண் வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி, சிறுகோடு, முன் சுழியம் எதுவும் கூடாது.

மூன்று வாரம் கழித்து உரிமையாளர் கேட்டார்: "பொத்தானை நாப்பது பேருக்கு மேல அழுத்தினதா நீங்க காட்டுறீங்க. எனக்கு ஒரு மெசேஜ்கூட வரலையே?" நான் மெத்தனமாக, "அழுத்துறவங்க எல்லாரும் எழுதிடுவாங்களா சார்?" என்றேன். மறுநாள் ஒரு வாடிக்கையாளர் அவரை நேரடியாக அழைத்து, "வாட்ஸ்அப்ல உங்க நம்பரே தப்புன்னு வருது" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தி, திறந்த திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்தேன்.

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதற்காகத்தான்: இந்தப் பிழை எங்கேயும் பதிவாகாது. படிவம் உடைந்தால் சர்வரில் ஒரு தடயமாவது இருக்கும். இங்கே பிழை நடப்பது வாடிக்கையாளரின் போனுக்குள். நம் பக்கத்தில் 'அழுத்தினார்' என்ற எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்து நாமும் குளிர்ந்துபோவோம்.

சரியான வடிவம் இது:

```html
<a href="tel:+447700900123">07700 900123</a>
<a href="https://wa.me/447700900123">வாட்ஸ்அப்</a>
```

`tel:` இணைப்பில் கூட்டல் குறி வேண்டும், `wa.me` இணைப்பில் வேண்டாம். திரையில் தெரியும் எண் உள்ளூர் வழக்கப்படியே இருக்கலாம். மாற வேண்டியது `href` மட்டும்.

போன வாரப் பக்கத்தை எழுதியவரிடம் நாட்டுக் குறியீடு வேண்டும் என்றேன். அவர் `4407700900123` என்று திருத்தி அனுப்பினார். குறியீடு வந்தது, சுழியம் போகவில்லை. பாதித் திருத்தம் இப்படித்தான் இருக்கும். (இத்தாலி ஒரு வம்பு. அங்கே தரைவழி எண்களின் முன் சுழியம் வெளிநாட்டிலிருந்து அழைத்தாலும் அப்படியே இருக்க வேண்டும்.)

குறியீட்டையே மறந்தால் அதைவிட மோசமாகவும் முடியலாம். 65 என்று தொடங்கும் பத்து இலக்க எண்ணைக் குறியீடு இல்லாமல் போட்டால், முதல் இரண்டு இலக்கமும் சிங்கப்பூரின் குறியீடாகிவிடும், மீதி எட்டு இலக்கம் அந்த ஊர் எண்ணின் நீளத்துக்குப் பொருந்தும். உங்கள் வாடிக்கையாளர் முன்பின் தெரியாத யாருக்கோ தன் முகவரியை அனுப்பிக்கொண்டிருப்பார்.

இப்போது நான் சோதிக்கும் முறை: அந்த எண்ணைச் சேமித்து வைக்காத ஒரு போனை எடுப்பேன். அழைப்புப் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படிப்பேன். வாட்ஸ்அப் பொத்தானில் ஒரு செய்தியை நிஜமாகவே அனுப்பி, அது கடைக்காரர் கையில் இருக்கும் போனில் வந்து விழுகிறதா என்று கேட்பேன். வந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் வேலை முடிந்தது.

எண் மாறும்போதும் இதே கூத்துதான். திரையில் தெரியும் எண்ணை மாற்றிவிட்டு `href`-இல் பழைய எண்ணை விட்டுவிடுவார்கள். பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், அழைப்பு மட்டும் பழைய எண்ணுக்கே போகும். கோப்புகள் முழுவதிலும் பழைய எண்ணின் கடைசி ஆறு இலக்கத்தை இடைவெளி இல்லாமல் தேடுங்கள். தலைப்பகுதி, அடிப்பகுதி, மிதக்கும் பொத்தான் என்று குறைந்தது மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும்.

## முன்கூட்டியே எழுதி வைக்கும் செய்தியைக் குறியாக்காமல் விடுவது

`?text=` சேர்த்தால் வாடிக்கையாளரின் பெட்டியில் ஒரு வரி தயாராக நிற்கும். நல்ல வசதி. ஆனால் அந்த வரியில் `&` இருந்தால் செய்தி அந்த இடத்திலேயே அறுந்துவிடும், `#` இருந்தாலும் அப்படியே. கையால் எழுதாமல் இப்படிச் செய்யுங்கள்:

```js
const t = encodeURIComponent("விலை & நேரம் பற்றி அறிய வேண்டும்");
const link = "https://wa.me/447700900123?text=" + t;
```

தமிழ் எழுத்துகள் `%E0%AE` என்று நீளமாக மாறும். பயப்பட வேண்டாம், வாட்ஸ்அப்பில் திறந்ததும் தமிழாகவே தெரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் வரியைச் சற்று மாற்றி வைத்தால், எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் உண்மையில் எழுதினார்கள் என்று கடைக்காரரின் போனிலேயே எண்ணிவிடலாம். அழுத்திய எண்ணிக்கைக்கு நேராக அதை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நாற்பது, மறுபக்கம் சுழியம் என்று வந்தால் இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

## மிதக்கும் பொத்தான் மற்றொன்றின் மேல் உட்காருவது

பெரிய திரையில் வடிவமைக்கிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. சின்னப் போனில் பக்கத்தின் அடிவரை போய்ப் பாருங்கள்: 'அனுப்பு' பொத்தானின் பாதியை வாட்ஸ்அப் வட்டம் மறைத்திருக்கும். பக்கத்தின் அடியில் பொத்தானின் உயரத்துக்குக் காலியிடம் விடுங்கள். ஐபோன் திரையின் அடியில் தெரியும் கோட்டில் இடிக்காமல் இருக்க, `viewport` மெட்டாவில் `viewport-fit=cover` போட்டு, `env(safe-area-inset-bottom)` சேர்த்துக்கொள்ளுங்கள்.

## `tel:` இணைப்புக்கு `target="_blank"`

வேண்டாம். சில உலாவிகளில் வெற்றுத் தாவல் ஒன்று திறந்தபடி நிற்கும்.

## படிவத்தை எடுத்துவிடுவது

எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

## ஊழியரின் சொந்த எண்ணைக் கொடுப்பது

அவர் வேலையை விட்டுப் போகிற அன்று வாடிக்கையாளர்களின் உரையாடல்கள் எல்லாம் அவர் சட்டைப்பையிலேயே போய்விடும். கடைக்கென்று தனி எண் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பதியுங்கள். குறுஞ்செய்தி வராத தரைவழி எண்ணாக இருந்தாலும் குரல் அழைப்பில் சரிபார்ப்புக் குறியீட்டைக் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். பதிந்த கையோடு, கடை மூடியிருக்கும் நேரத்துக்கான தானியங்கிப் பதிலையும் எழுதிவிடுங்கள். அதில் 'விரைவில்' என்று எழுத வேண்டாம், எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று எழுதுங்கள்.