இருபது லுங்கிக்கு ஒரே அச்சா? குறிப்பு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கூனில் துணிக்கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது லுங்கியைப் படம் பிடித்து, கீழே நாலு வரி தமிழில் எழுதி, மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் விற்கிறார்கள். எழுதும் வேலை பெரும்பாலும் கடைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளிடம் போகிறது. ஓர் அச்சை, அதாவது டெம்ப்ளேட்டைக் கொடுத்து, "இதில் நிரப்பு தம்பி" என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவது நாள் பார்த்தால் இருபது குறிப்பும் ஒரே குரலில் கூவுகின்றன. எழுத்துப்பிழை, தவறான விலை போன்றவை யார் கண்ணிலும் பட்டுவிடும். அவற்றை விட்டுவிட்டு, கண்ணில் படாதவற்றை மட்டும் பார்ப்போம்.

பழைய குறிப்பின் மேலேயே அடிப்பது

முந்தைய துணியின் "பட்டு" இந்தப் பருத்தியில் தங்கிவிடும். ஒவ்வொன்றையும் வெற்றுப் படிவத்தில் தொடங்குங்கள்.

செய்தியை விட்டுவிட்டுச் சொல்லை மாற்றுவது

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். செலவு வைப்பதும் இதுதான். காப்பியடித்தது போலத் தெரியக்கூடாது என்று சொன்னவுடன் புதிதாக எழுதுகிறவர் செய்யும் முதல் காரியம், அகராதியைத் திறப்பது. கட்டம் போட்ட ஆண்கள் லுங்கி மூன்றுக்கு ஒரு கடையில் எழுதியிருந்ததைப் பாருங்கள்:

"அழகிய கட்டங்கள் கொண்ட தரமான கைத்தறி லுங்கி. அணிய இதமானது."

"எழில்மிகு கட்டங்களுடன் உயர்தரமான, கையால் நெய்த லுங்கி. உடுத்த சுகமானது."

"கண்கவர் கட்டங்களில் முதல்தரக் கைநெசவு லுங்கி. கட்ட மென்மையானது."

மூன்றிலும் இருப்பது ஒரே செய்தி. அதுவும் துணியைப் பார்க்காமலே எழுதக்கூடிய செய்தி. படிக்கிறவர் இதை இரண்டாவது குறிப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதைவிட மோசமானது அடுத்து வருவது. "கைத்தறி", "கையால் நெய்த", "கைநெசவு" மூன்றும் வெவ்வேறு ரகம் என்று ஒருவர் நினைத்துக்கொண்டார். இரண்டாவதை வாங்கினார். வந்து சேர்ந்த துணி, உறவினர் வீட்டில் இருந்த முதலாவதைப் போலவே இருந்ததும், ஏமாற்றிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பினார். தபால் செலவு கடைக்காரர் தலையில் விழுந்தது. துணியில் குறை ஏதும் இல்லை.

மாற வேண்டியதும் மாறக்கூடாததும் இங்கே இடம் மாறிவிட்டன. நூல், நெசவு முறை, ஊர், அளவு, துவைக்கும் விதம் ஆகியவற்றுக்கு ஒரு கடையில் ஒரே சொல்தான் இருக்க வேண்டும். "கைத்தறி" என்று முடிவு செய்தால் இருபது குறிப்பிலும் "கைத்தறி"தான். இருபது இடத்திலும் "நீளம் 2 மீட்டர், அகலம் 80 செ.மீ." என்று ஒரே வரிசையில் இருந்தால் யாரும் அதைக் காப்பி என்று சொல்லமாட்டார்கள். அளவுப் பட்டியல் அப்படித்தான் இருக்கும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். அவருக்குச் சலிப்பைத் தருவது முதல் வாக்கியம்தான்.

ஆகவே டெம்ப்ளேட்டை இரண்டாகப் பிரியுங்கள். கீழ்ப்பகுதி நாலு வரி: நூல், நெய்த ஊர், அளவு, துவைப்பு. அதில் கை வைக்கவே வேண்டாம். மேல்பகுதியில் நிரப்ப வேண்டிய வாக்கியம் எதுவும் இருக்கக்கூடாது, கேள்விகள் மட்டும் இருக்கட்டும். லுங்கிக்கு இந்த ஐந்து போதும்: கட்டத்தின் ஒரு பக்கம் எத்தனை மில்லிமீட்டர்? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரிகிறதா? எடை எத்தனை கிராம்? நனைத்த வெள்ளைத் துணியால் பத்துத் தடவை தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா? பக்கத்தில் இருக்கும் துணியில் இல்லாதது இதில் என்ன?

கடைசிக் கேள்விதான் உயிர். அதற்குப் பதில் எழுத, துணியைத் தனியாக வைத்துப் பார்க்கக்கூடாது. பகல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் மேசையில் விரியுங்கள். மிகவும் ஒத்துப்போகும் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு குவியல் ஆக்குங்கள். எண் வரிசையை மறந்துவிட்டுக் குவியல் குவியலாக எழுதுங்கள். எண் வரிசையில் எழுதினால் நாலாவதும் பதினாறாவதும் ஒரே வாக்கியத்தில் பிறந்ததை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள்.

அதே மூன்று லுங்கிகளுக்கு இப்படி எழுதலாம்:

"கட்டம் சிறியது, ஒரு பக்கம் 6 மி.மீ. நன்றாகத் தள்ளி நின்றால் கட்டம் மறைந்து சாம்பல் நிறமாகத் தெரியும். வேலைக்குக் கட்டிப்போகலாம்."

"மூன்றில் இதுதான் கனமானது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலும் விரல் தெரியாது. வெயில் காலத்தில் கொஞ்சம் புழுங்கும்."

"கஞ்சி விறைப்போடு வரும். முதல் நாள் இடுப்பில் முடிச்சு பருமனாக நிற்கும், இரண்டு அலசலில் படிந்துவிடும்."

ஒன்றில் கண், ஒன்றில் எடை, ஒன்றில் முடிச்சு முதலில் வந்தது. நடையை மாற்ற யாரும் முயலவில்லை. வேறுபாட்டை முதல் வரிக்குக் கொண்டுவந்ததும் நடை தானாக மாறிக்கொண்டது. "கொஞ்சம் புழுங்கும்" என்று எழுதக் கடைக்காரர் தயங்குவார். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் மற்ற பத்தொன்பதையும் படிக்கிறவர் நம்பத் தொடங்குவார்.

கேள்விகள் சரக்குக்குச் சரக்கு மாறும். அமரபுராவின் அச்செய்க் துணிக்குக் கட்டம் கிடையாது, அலைபோல் ஓடும் வடிவம். அதில் "லுன்தயா" என்பதற்கு நூறு தறிநாடா என்று பொருள். நிறத்துக்கு நிறம் தனித்தனி நாடாவில் நூலைக் கோத்துப் பின்னுவதால் அந்தப் பெயர். அதே அலையைச் சாதாரணத் துணியில் அச்சடித்தும் விற்கிறார்கள். அச்சடித்ததைத் திருப்பினால் பின்புறம் வெளிறியிருக்கும். ஆகவே அங்கே முதல் கேள்வி "பின்புறம் எப்படி?" என்பது. இன்லே ஏரிப் பக்கத்து ஸின்மே துணியில் நூலைக் கட்டிச் சாயம் தோய்த்த பிறகுதான் நெய்கிறார்கள். அதனால் வடிவத்தின் ஓரம் மெல்லக் கலங்கியிருக்கும். வாங்குகிறவர் அதைக் குறை என்று நினைப்பார். அங்கே அதுதான் முதல் வரியில் வர வேண்டும். கட்டம் போட்ட லுங்கியின் அச்சை அப்படியே எடுத்து இந்த இரண்டுக்கும் போட்டால் சொல்ல வேண்டியது எதற்கும் இடம் இருக்காது.

சில சமயம் கடைசிக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. நிறம் மட்டும் வேறு, மற்றதெல்லாம் ஒன்றுதான். அப்போது கற்பனையைக் கூப்பிட வேண்டாம். இரண்டு குறிப்பை ஒன்றாக்கி, "இதே துணி பச்சை, நீலம், காவி நிறங்களில் உண்டு" என்று முடித்துவிடுங்கள். இருபது பதிவு பதினான்கு ஆனால் நஷ்டமில்லை.

உருபைக் கோடிட்ட இடத்தில் ஒட்டுவது

ஆங்கில டெம்ப்ளேட்டைப் பார்த்துத் தமிழில் அச்சு செய்கிறவர்கள் விழும் குழி இது. "____இல் நெய்யப்பட்ட ____ நிறக் கட்டம்" என்று அச்சு வைத்து ஊரையும் நிறத்தையும் செருகினால், "அமரபுராஇல் நெய்யப்பட்ட நீலம் நிறக் கட்டம்" என்று வரும். தமிழில் சொல்லின் வால் மாறும்: அமரபுராவில், வுண்ட்வினில். நீலம் "நீலக் கட்டம்" ஆகும். சிவப்பு "சிவப்புக் கட்டம்" ஆகும். சாம்பல் எந்த மாற்றமும் இல்லாமல் "சாம்பல் கட்டம்" என்றே நிற்கும். ஒரே ஒரு "அமரபுராஇல்" போதும், இயந்திரத்தில் பிழிந்தது என்று தெரிந்துவிடும்.

தப்பிக்க இரண்டு வழி. மாறும் சொல்லை எழுவாய் வடிவிலேயே, முக்காற்புள்ளிக்குப் பிறகு தனியாக நிறுத்துவது ஒன்று:

```
="நெய்த ஊர்: "&B2&". நிறம்: "&D2&"."
```

கீழ்ப்பகுதிக்கு இது போதும். வாக்கியத்துக்குள்தான் வேண்டும் என்றால் விரிதாளில் ஊருக்கு இரண்டு பத்தி வையுங்கள். ஒன்றில் "அமரபுரா", இன்னொன்றில் "அமரபுராவில்". ஊர்கள் ஆறோ ஏழோதான் இருக்கும், ஒருமுறை கையால் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. நிறத்துக்கும் "நீலம்", "நீலக்" என்று இரண்டு. ஆனால் "நீலக்" என்பது கட்டத்துக்கும் கரைக்கும் பொருந்தும், பட்டைக்குப் பொருந்தாது. அங்கே "நீலப் பட்டை". ஆகவே ஒற்று மிகும் இடங்களைச் சூத்திரத்துக்கு விடாமல் கையால் எழுதுவதே நல்லது.

மூன்று அச்சை மாற்றி மாற்றிப் போடுவது

நாலாவது குறிப்பில் முதலாவது திரும்பி வரும். அவ்வளவுதான்.

ஆச்சரியக்குறி

வேண்டாம்.

முடிந்ததும் சரிபார்க்காமல் ஏற்றுவது

தொடக்கங்கள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. குறிப்புகள் B பத்தியில் இருந்தால், C2, D2 இரண்டிலும் முறையே இவற்றைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=LEFT(B2,15)
=COUNTIF(C:C,C2)
```

D பத்தியில் 1-க்கு மேல் வந்தால் அதே தொடக்கம் வேறெங்கோ இருக்கிறது. 15 என்றால் 15 தமிழ் எழுத்து என்று எண்ணிவிடாதீர்கள். கணினி புள்ளியையும் கால், கொம்பு போன்ற குறிகளையும் தனித்தனியாக எண்ணும். "பச்சை" நம் கணக்கில் மூன்று எழுத்து, அதன் கணக்கில் ஐந்து. ஆகவே 15 என்பது ஏறக்குறைய இரண்டு சொல். வெட்டும் இடத்தில் பாதி எழுத்து தொங்கினாலும் எண்ணிக்கை தவறாது.

ஆனால் இந்தச் சூத்திரத்தால் "அழகிய", "எழில்மிகு" வேடத்தைப் பிடிக்க முடியாது. அதற்கு ஆள் வேண்டும். ஒரு குவியலின் லுங்கிகளை எண் சீட்டை எடுத்துவிட்டு மேசையில் பரப்புங்கள். எழுதாத ஒருவரை, கடைப் பையனோ வீட்டில் அக்காவோ, கூப்பிடுங்கள். குறிப்பின் மேல்பகுதியை மட்டும் வாசித்து, எந்தத் துணி என்று எடுக்கச் சொல்லுங்கள். அளவுகோலையும் கையில் கொடுத்துவிடலாம். சரியாக எடுத்தால் அந்தக் குறிப்பை ஏற்றலாம். இரண்டு துணிக்கு நடுவே கை தயங்கினால், அந்த இரண்டையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்தாவது கேள்வியைக் கேளுங்கள். அப்போதும் பதில் வரவில்லை என்றால், இரண்டுக்கும் ஒரே குறிப்புதான்.