ரெப்போ குறைந்தும் குறையாத வீட்டுக்கடன் வட்டி: வங்கியிடம் திருத்தம் கேட்கும்போது தவிர்க்க வேண்டியவை

2025-ல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை நான்கு முறை குறைத்தது. பிப்ரவரியில் 6.50-லிருந்து 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் ஒரே அடியாக 5.50, டிசம்பரில் 5.25. மொத்தம் 1.25 சதவீதம். அதற்குப் பிறகும் உங்கள் கடன் ஸ்டேட்மெண்டில் பழைய வட்டியே ஓடிக்கொண்டிருந்தால் வங்கியிடம் திருத்தம் கேட்கலாம். ஆனால் கேட்கிற விதத்திலேயே பாதிப் பேருக்குக் காரியம் கெட்டுவிடுகிறது.

முதல் தவறு, "வட்டியைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க சார்" என்று கிளை மேலாளரிடம் போய் நிற்பது. அது சலுகை கேட்பது. சலுகை தருவதும் மறுப்பதும் வங்கியின் வியாபார முடிவு, அதில் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன்கூடத் தலையிட மாட்டார். நீங்கள் கேட்க வேண்டியது, ஒப்பந்தத்தில் எழுதியபடி வட்டி கணக்கிடப்படவில்லை, அதைச் சரிசெய்யுங்கள் என்று. இதை மறுக்க வங்கி காரணம் சொல்லியாக வேண்டும்.

அப்படிக் கேட்பதற்கு முன் உங்கள் கடன் எந்த விகிதத்தோடு கட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் வணிக வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி விகிதம் ஒன்றோடு இணைக்கப்பட்டு, குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்பட வேண்டும். அதற்கு முன் வாங்கிய கடன் பெரும்பாலும், வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் எம்.சி.எல்.ஆர். வகையில் இருக்கும். அதில் ரெப்போ குறைந்ததைக் காட்டி வாதாட முடியாது. வெளி விகிதத்துக்கு மாற்றித் தரும்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நம் பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. சர்வீஸ் கூட்டுறவு வங்கி, கிராமீன் வங்கி, வீட்டுக்கடன் நிதி நிறுவனம் எல்லாவற்றிலும் கடன் வாங்குகிறோம். மேலே சொன்ன ரெப்போ விதி இவற்றைக் கட்டுப்படுத்தாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குறைந்தது, நமக்கு ஏன் குறையவில்லை என்ற கேள்விக்குப் பதில் பல சமயம் இதுதான். சாங்ஷன் லெட்டரை எடுத்துப் பார்த்தால் அந்தக் குழப்பம் தீரும்.

அடுத்த தவறு, தவணைத் தொகையைப் பார்த்து முடிவு செய்வது. வட்டி குறையும்போது சில வங்கிகள் தவணையை அப்படியே விட்டுவிட்டு, கட்ட வேண்டிய மாதங்களைக் குறைக்கும். தவணை மாறவில்லை என்பதால் வட்டி மாறவில்லை என்று சொல்ல முடியாது. ஸ்டேட்மெண்டில் வட்டி விகிதத்தையும் மீதித் தவணை எண்ணிக்கையையும்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் இருக்கிற அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கொழிஞ்சாம்பாறையில் வீடு கட்டிய ஒருவர், கோயம்புத்தூரில் வேலை என்பதால் அங்கே உள்ள கிளையில் 2023 மார்ச்சில் 25 லட்சம் வாங்கினார், 20 வருடத்துக்கு. அன்று ரெப்போ 6.50, அதன்மேல் வங்கி கூட்டும் பங்கான ஸ்பிரெட் 2.65. ஆக 9.15 சதவீதம், தவணை 22,735 ரூபாய். ஒப்பந்தப்படி வட்டி மாறும் ரீசெட் நாட்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள்.

இங்கேதான் நிறையப் பேர் கணக்கில் வழுக்குகிறார்கள். ரெப்போ அறிவித்த நாளிலிருந்தே வட்டி குறைய வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். வங்கி "அது தவறு" என்று ஒரே வரியில் பதில் போட்டு முடித்துவிடும். குறைப்பு அடுத்த ரீசெட் தேதியில்தான் நம் கணக்குக்கு வரும். எனவே பிப்ரவரி குறைப்பு ஏப்ரல் 1-ல் வந்து வட்டி 8.90 ஆக வேண்டும். ஏப்ரல், ஜூன் குறைப்புகள் இரண்டும் ஜூலை 1-ல் சேர்ந்து வந்து 8.15. டிசம்பர் குறைப்பு 2026 ஜனவரி 1-ல் வந்து 7.90. ஆனால் இவருடைய ஸ்டேட்மெண்டில் கடைசி வரை 9.15 என்றே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

2025 ஏப்ரலில் அசல் பாக்கி சுமார் 24 லட்சம். அதில் கால் சதவீத வித்தியாசம் மாதம் 500 ரூபாய். ஜூன் வரை 1,500. ஜூலை முதல் டிசம்பர் வரை வித்தியாசம் ஒரு சதவீதம், மாதம் 2,000 வீதம் 12,000. ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்றேகால் சதவீதம், மாதம் 2,500 வீதம் 7,500. ஒரு வருடத்தில் தோராயமாக 21,000 ரூபாய் கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதைவிடப் பெரியது வருங்காலம். 24 லட்சத்துக்கு அதே தவணையை 9.15-ல் கட்டினால் சுமார் 215 மாதம், 7.90-ல் 181 மாதம். கிட்டத்தட்ட மூன்று வருடத் தவணை! இதனால்தான் இதை விட்டுவிடக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சில சமயம் ரெப்போ சரியாகக் குறைந்திருக்கும், ஸ்பிரெட் சத்தமில்லாமல் 2.65-லிருந்து 3.15 ஆகியிருக்கும். உங்கள் கடன் தகுதி மதிப்பீடு கணிசமாக மாறினால், ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டபடி, அபாயத்துக்கான பங்கை வங்கி மாற்றலாம். ஸ்பிரெட்டின் மற்ற பாகங்களை மூன்று வருடத்துக்குள் கூட்ட முடியாது. தவணை தவறியிருந்தால் அல்லது சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றி அதற்கான சலுகை போயிருந்தால், அதை முதலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

புகாரோடு போனால் கவுண்டரில் பெரும்பாலும் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். "இதில் கையெழுத்துப் போட்டு கட்டணத்தைக் கட்டுங்க, வட்டி குறைஞ்சிடும்" என்பார்கள். யோசிக்காமல் போட வேண்டாம். அது இன்றிலிருந்து வட்டியை மாற்றும் விண்ணப்பம். பழைய 21,000 அதில் வராது. முந்தைய வட்டியை ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி அதில் இருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள்.

அதற்குப் பதிலாக எழுத்தில் கடிதம் கொடுங்கள், ஒரு பக்கம் போதும். கடன் எண், ஒப்பந்தத்தில் உள்ள விகிதம், ஸ்பிரெட், ரீசெட் தேதிகள். பிறகு ஒவ்வொரு தேதிக்கும் வர வேண்டிய வட்டி, பிடித்த வட்டி என ஒரு சின்ன அட்டவணை. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தந்தத் தேதியிட்டு வட்டியைத் திருத்தி, கூடுதலாகப் பிடித்ததை அசலில் வரவு வைத்து, புதிய தவணை அட்டவணை தர வேண்டும் என்று கேளுங்கள். ஸ்பிரெட் எப்போதாவது மாறியிருந்தால் தேதியும் காரணமும் கேளுங்கள். கிளையிலிருந்து இது கடன் மையத்துக்குப் போகும் என்பதால், எளிய ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. திருத்தம் வரும்வரை தவணையை நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் கடன் தகுதி கெட்டு, ஸ்பிரெட்டைக் கூட்ட வங்கிக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, தள்ளிப்போடாமல் cms.rbi.org.in தளத்தில் ஆம்பட்ஸ்மேனுக்குப் புகார் பதியலாம். கட்டணம் கிடையாது. வீடு கேரளாவில், கிளை தமிழ்நாட்டில், எங்கே போடுவது என்று அலைய வேண்டாம். நாடு முழுக்க ஒரே அமைப்புதான். அங்கேயும் "வட்டி அதிகம்" என்று எழுதாமல், "ஒப்பந்தப்படியும் ரிசர்வ் வங்கி விதிப்படியும் ரீசெட் செய்யவில்லை" என்று எழுதி, முத்திரை போட்ட நகலையும் சாங்ஷன் லெட்டரையும் ஸ்டேட்மெண்டையும் சேர்த்து ஏற்றுங்கள்.