சிங்கப்பூரில் வாடகை ஒப்பந்தம் போடும் முன்: கார் நிறுத்துமிடம் பற்றி யாரிடம், என்ன கேட்பது?

வாடகைக்குக் கொண்டோமினியம் பார்க்கப் போகும்போது "கார் நிறுத்த இடம் இருக்கிறதா?" என்று கேட்டால், சொத்து முகவர் "இருக்கிறது" என்பார். கீழே வாகன நிறுத்துமிடம் இருப்பதால் அவர் சொல்வது உண்மைதான். அங்கே உங்கள் காரை நிறுத்த அனுமதி கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் முகவருக்கும் இல்லை, பெரும்பாலும் வீட்டுக்காரருக்கும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு சரியான ஆளிடம் சரியான நேரத்தில் கேட்டால், சாவி வாங்கிய பிறகு வரும் தொல்லை பெருமளவு குறையும்.

படி 1: யாரிடம் கேட்பது?

பெரும்பாலான கொண்டோக்களில் வாகன நிறுத்துமிடம் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவான சொத்து. அதை நிர்வகிப்பது எம்சிஎஸ்டி எனப்படும் உரிமையாளர்களின் நிர்வாகக் கழகம். எந்த வீட்டுக்கு எத்தனை வாகன அனுமதி, இரண்டாவது காருக்கு என்ன கட்டணம், விருந்தினர் எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பதையெல்லாம் அதன் துணைவிதிகள் முடிவு செய்கின்றன. அந்த விதிகள் வாடகைதாரரையும் கட்டுப்படுத்தும். வீட்டுக்காரர் வாய்மொழியாகச் சலுகை கொடுத்தாலும் காவலர் உங்கள் காரைத் தடுக்கலாம். பல வளாகங்களில் அனுமதியின்றி நிறுத்திய காரின் சக்கரத்தில் பூட்டுப் போட்டுவிட்டு, அதைத் திறக்கக் கட்டணம் கேட்பார்கள்.

எனவே வீட்டைப் பார்க்கப் போகும் நாளிலேயே வளாகத்தின் நிர்வாக அலுவலகத்துக்குச் சென்றுவிடுங்கள். வார இறுதியில் பல அலுவலகங்கள் மூடியிருக்கும் அல்லது அரைநாள்தான் திறந்திருக்கும். வேலைநாளில் போனால் நல்லது. போக முடியாவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள்.

படி 2: அந்த வீட்டின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்

பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இந்த எண்ணுள்ள வீட்டின் பெயரில் இப்போது ஏதாவது வாகனம் பதிவாகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். என் பட்டியலில் முதல் கேள்வி இதுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தம்பதிக்கு ஒரு கார், ஒரு மோட்டார் சைக்கிள். எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலுள்ள புதிய கொண்டோ அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு கார் இலவசம் என்று முகவர் சொல்கிறார். நிர்வாக அலுவலகத்தில் கேட்டால், அந்த வீட்டின் பெயரில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது. முந்தைய வாடகைதாரர் போகும்போது பதிவை நீக்கவில்லை. வீட்டுக்காரர் வேறு இடத்தில் குடியிருந்துகொண்டு, தம் காரை இந்த வீட்டின் பெயரில் வைத்திருப்பதும் உண்டு. எதுவானாலும் பழைய பதிவு நீங்கும் வரை இந்தத் தம்பதியின் கார் இரண்டாவது வாகனமாகவே கணக்கிடப்படலாம்.

இரண்டாவது வாகனம் என்றால் பல இடங்களில் மாதக் கட்டணம் உண்டு. சில இடங்களில் காத்திருப்போர் பட்டியல், சில இடங்களில் குலுக்கல். இன்னும் சிலவற்றில் இரண்டாவது காருக்கு இடமே கிடையாது. புதிய கட்டடங்களில் இதைக் கூடுதல் கவனத்தோடு விசாரியுங்கள். 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள், எம்ஆர்டிக்கு அருகில் கட்டுபவர்கள் குறைந்த எண்ணிக்கையில் நிறுத்துமிடங்கள் அமைக்க இடம் தருகின்றன. ஆகவே வீடுகளை விட நிறுத்துமிடங்கள் குறைவாக இருக்கலாம்.

மோட்டார் சைக்கிளைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். அதற்கென ஒதுக்கிய இடம் இருக்கிறதா, அதுவும் வீட்டுக்கான ஒரே அனுமதியில் சேருமா என்பது வளாகத்துக்கு வளாகம் மாறும். சிறிய வளாகங்களில் இயந்திரத் தட்டில் காரை ஏற்றி அடுக்கும் முறை இருந்தால், உயர, எடை வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு இருக்கை வண்டி உள்ளே போகாமல் இருக்கக்கூடும்.

அனுமதிக்கு என்ன ஆவணங்கள் தேவை என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். வழக்கமாக முத்திரைத் தீர்வை செலுத்திய வாடகை ஒப்பந்தம், வாகனப் பதிவு விவரம், வீட்டுக்காரரின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். உங்களுடையது நிறுவனம் கொடுத்த கார் அல்லது வாடகைக் கார் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பதிவில் உங்கள் பெயர் இல்லாத காருக்கு நிறுவனத்தின் கடிதம் வேண்டியிருக்கலாம்.

படி 3: விருந்தினர் வாகனம்

நம் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. சனிக்கிழமை இரவு தம்பி குடும்பத்தோடு வந்து தங்குவார். தீபாவளியன்று ஒரே நேரத்தில் நான்கு கார்கள் வரும். எத்தனை மணி நேரம் இலவசம், இரவு தங்க முன்அனுமதி வேண்டுமா, ஒரே கார் மாதத்தில் எத்தனை இரவு நிற்கலாம் என்று கேளுங்கள். அடிக்கடி வரும் காரைச் சில நிர்வாகங்கள் விருந்தினர் காராக ஏற்பதில்லை. உங்கள் இரண்டாவது காரை விருந்தினர் இடத்தில் விட்டுச் சமாளிக்கலாம் என்று எண்ணினால், இந்த விதியில்தான் மாட்டிக்கொள்வீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை நேரில் போய் விருந்தினர் இடங்கள் எவ்வளவு காலியாக இருக்கின்றன என்று பாருங்கள். பகலில் பார்த்தால் எல்லாம் காலியாகத்தான் தெரியும்.

படி 4: எழுத்தில் வாங்குங்கள், முன்பணத்துக்கு முன்

இங்கே வாடகை ஒப்பந்தத்துக்கு முன் எல்ஓஐ என்ற விருப்பக் கடிதம் கொடுப்பது வழக்கம். அதோடு முன்பணமும் போகும். பேரம் பேச ஏற்ற நேரம் அதுதான். நம் உதாரணத் தம்பதி அந்தக் கடிதத்தில் மூன்று விஷயங்களைச் சேர்க்க வேண்டும். ஒப்பந்தம் தொடங்கும் நாளுக்கு முன் பழைய வாகனப் பதிவை வீட்டுக்காரர் நீக்க வேண்டும். முதல் வாகன அனுமதி வாடகைதாரருக்கே சேர வேண்டும். நிர்வாகம் அந்த அனுமதியை மறுத்தால் முன்பணம் திரும்ப வர வேண்டும். இரண்டாவது வாகனத்துக்கு மாதக் கட்டணம் இருந்தால் யார் கட்டுவது என்பதையும் எழுதிவிடலாம். பிறகு இதே வரிகள் ஒப்பந்தத்திலும் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கடிதத்தில் இருந்தது ஒப்பந்தத்தில் விடுபட்டுப் போவது உண்டு.

வீவக வீடு என்றால்

வீவக வீட்டில் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, வாடகையை வீவகவில் முறைப்படி பதிவு செய்வாரா என்பது. உங்கள் பெயர் அந்த முகவரியில் வாடகைதாரராகப் பதிவாகாவிட்டால், குடியிருப்பாளர் என்ற முறையில் சீசன் பார்க்கிங் வாங்குவது சிக்கலாகும். நகர மையத்துக்கு வெளியே, குடியிருப்பாளரின் முதல் காருக்குத் திறந்தவெளியில் மாதம் 80 வெள்ளி, கூரையுள்ள இடத்தில் 110 வெள்ளி.

அது கிடைக்காமல் போனால் என்ன செலவு என்று கணக்கிடுவோம். மாலை 7 மணிக்கு வந்து காலை 7 மணிக்குக் கிளம்புகிறீர்கள். இரவு 10.30 வரை அரைமணிக்கு 60 காசு வீதம் 4.20 வெள்ளி. அதற்குப் பிறகு காலை 7 வரை அதிகபட்சம் 5 வெள்ளி. ஓர் இரவுக்கு 9.20 வெள்ளி, முப்பது இரவுக்கு 276 வெள்ளி. ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் சில இடங்களில் கிடைக்கும் இலவச நேரத்தைக் கழித்தாலும், 110 வெள்ளியை விட இது மிக அதிகம்.

சீசன் பார்க்கிங் இருந்தாலும் குறிப்பிட்ட இடம் உங்களுக்கென்று ஒதுக்கப்படாது. அந்தத் தொகுதி நிறுத்துமிடங்களில் காலியாக உள்ள இடத்தில் நிறுத்தலாம். சிவப்புக் கோடிட்ட இடங்கள் சீசன் பார்க்கிங் உள்ளவர்களுக்கானவை. உங்கள் உறவினர்கள் வரும்போது வெள்ளைக் கோடிட்ட இடத்தைத் தேடச் சொல்லுங்கள். நுழைவாயில் பலகையில் உள்ள நேரங்களையும் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.