லேசர் மீட்டர் எப்படி அளக்கிறது, எந்த இடத்தில் தப்பாக அளக்கிறது?

பட்டனை அழுத்தினால் சிவப்புப் புள்ளி சுவரில் விழும், திரையில் 4.200 மீ. என்று வரும். மூன்று தசம இடம் வரை எண் தெரிவதால் அதை அப்படியே நம்பிவிடத் தோன்றும். ஆனால் அந்த எண் புள்ளி தெரியும் இடத்தின் தூரம்தானா, நாம் அளக்க நினைத்த கோட்டின் நீளம்தானா என்பது கருவிக்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொள்வது அளப்பவர் வேலை.

முதலில், உள்ளே நடப்பது

ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லலாம் என்பது எளிதாகத் தோன்றும். ஆனால் 1 மி.மீ. வித்தியாசத்துக்கு ஒளி கூடுதலாக எடுத்துக்கொள்ளும் நேரம், ஒரு விநாடியை லட்சம் கோடித் துண்டாக்கினால் அதில் சுமார் 7 துண்டுதான். கையடக்கக் கருவியில் இதை நேரடியாக அளப்பது கடினம். அதனால் பெரும்பாலான லேசர் மீட்டர்கள் ஒளியின் பிரகாசத்தை மிக வேகமாக ஏற்றி இறக்கி அனுப்புகின்றன. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கம், அனுப்பியதைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கின்றன.

விநாடிக்கு 10 கோடி முறை ஏற்றி இறக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஏற்ற இறக்கத்தின் நீளம் 3 மீட்டர். ஒளி போய் வருவதால் ஒவ்வொரு 1.5 மீட்டருக்கும் அதே பின்தங்கல் மறுபடி வரும். கடிகாரத்தில் நிமிட முள் மட்டும் இருந்தால் 20 நிமிடம் என்று தெரியும், எத்தனை மணி என்று தெரியாது; அதே சிக்கல்தான் இங்கேயும். அதற்காகக் கருவி வேறு வேகங்களிலும் ஏற்றி இறக்கி அளந்து, எத்தனையாவது 1.5 மீட்டர் என்பதைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: லென்ஸுக்குள் திரும்பி வரும் ஒளி முழுவதையும் சேர்த்துத்தான் கருவி கணக்குப் போடுகிறது. இரண்டு இடங்களிலிருந்து ஒளி வந்தால் அதைப் பிரித்துப் பார்க்காது.

படி 1: எந்த விளிம்பிலிருந்து என்று பாருங்கள்

கருவியின் பின்விளிம்பிலிருந்து அளப்பதா, முன்விளிம்பிலிருந்தா என்று தேர்வு செய்ய ஒரு பட்டன் இருக்கும். திரையின் மூலையில் சின்னப் படமாக அது தெரியும். பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, அமைப்பு முன்விளிம்பில் இருந்தால் கருவியின் நீளம் முழுவதும் கணக்கில் விட்டுப்போகும். எல்லா ரீடிங்கும் ஒரே அளவு குறைந்து வந்தால், அந்தக் குறைவு கருவியின் நீளத்துக்குச் சமமா என்று பாருங்கள். சமம் என்றால் பழுது இல்லை, அமைப்புதான் தப்பு.

படி 2: புள்ளி எங்கே விழுகிறது?

மங்கலான வெள்ளைப் பெயின்ட் அடித்த சுவர் நல்ல இலக்கு. ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும், அதில் ஒரு பங்கு கருவிக்குத் திரும்பும். தொல்லை தருபவை வேறு.

*கண்ணாடி ஜன்னல்.* சாதாரண ஜன்னல் கண்ணாடி, நேராக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத்தான் பிரதிபலிக்கும். பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும். கண்ணாடி 2.8 மீட்டரிலும் அதற்குப் பின்னால் சுவர் 6.3 மீட்டரிலும் இருந்தால், திரையில் 6.3 வரலாம். இதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடியில் தூசு படிந்திருந்தால்தான் வம்பு: தூசிலிருந்து கொஞ்சம், சுவரிலிருந்து கொஞ்சம் என்று ஒளி கலந்து வந்து, இரண்டு தூரத்துக்கும் பொருந்தாத ஓர் எண் வரக்கூடும்.

*முகம் பார்க்கும் கண்ணாடி, பளபளப்பான டைல்ஸ், மெருகேற்றிய உலோகம்.* இவை ஒளியைச் சிதறடிக்காமல் வேறு பக்கம் திருப்பிவிடும். 3 மீட்டரில் உள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பிய கதிர், அங்கிருந்து 2 மீட்டரில் உள்ள பக்கச் சுவரில் விழுந்தால் ரீடிங் 5 மீட்டர். அடையாளம்: கண்ணாடிமேல் புள்ளி மங்கியிருக்கும், பிரகாசமான புள்ளி வேறொரு சுவரில் இருக்கும்.

*கறுப்பு.* ஒளியை விழுங்கிவிடும். அளக்க அதிக நேரம் எடுக்கும், எண் நிலையில்லாமல் ஆடும் அல்லது பிழைக் குறி வரும். உச்சி வெயிலிலும் இதேதான் நடக்கும்; அப்போது திரும்பி வரும் லேசர் ஒளி சூரிய வெளிச்சத்தில் அமுங்கிவிடுகிறது. இந்த வகைத் தப்பு பரவாயில்லை, கருவியே காட்டிக்கொடுத்துவிடும்.

*தெர்மாகோல்.* பார்க்க வெள்ளையாக, நல்ல இலக்கு மாதிரி இருக்கும். ஆனால் ஒளி உள்ளே நுழைந்து, அங்கே அலைந்து, பிறகுதான் வெளியே வரும். அதனால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும், எச்சரிக்கை எதுவும் வராது.

எல்லாவற்றுக்கும் தீர்வு ஒன்றே. பளபளப்பில்லாத வெளிர்நிறக் கெட்டி அட்டை ஒன்றை அந்தப் பரப்பில் ஒட்டி, அட்டைமேல் அளந்து, அட்டையின் தடிமனைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 3: கோணம்

இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன.

முதலாவது, கருவி சாய்ந்திருப்பது. சுவருக்குச் சுவர் சரியாக 4.200 மீ. உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். புள்ளி விழ வேண்டிய இடத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி விழுந்தால் 4.201 வரும், பெரும்பாலான கருவிகளின் துல்லியமே கூடக்குறைய 2 மி.மீ. என்பதால் இது பொருட்டில்லை. 30 செ.மீ. தள்ளினால் 4.211. 50 செ.மீ. தள்ளினால் 4.230, அதாவது 3 செ.மீ. அதிகம். விலகல் கூடக்கூடத் தப்பு அதன் வர்க்கமாக ஏறுகிறது:

```
தப்பு ≈ விலகல் × விலகல் ÷ (2 × தூரம்)
```

தூரம் வகுக்கும் இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். 1.5 மீட்டர் அகல நடையில் அதே 10 செ.மீ. விலகல் 3 மி.மீ. தப்பைத் தரும். அலமாரி செய்ய அளக்கும்போது இது போதும், பலகை உள்ளே போகாது. சாய்வால் ரீடிங் எப்போதும் கூடத்தான் செய்யும், குறையாது. ஆகவே தொடர் அளவீட்டை இயக்கிக் கருவியின் பின்பக்கத்தை அசைக்காமல், முனையை மேலும் கீழும் இடமும் வலமும் மெல்ல ஆட்டுங்கள். திரையில் காட்டும் குறைந்தபட்ச அளவுதான் நேர்தூரம்.

இரண்டாவது, சுவரே கதிருக்குச் சாய்ந்திருப்பது. புள்ளியின் விட்டம் 6 மி.மீ. என்று கொள்வோம். செங்குத்திலிருந்து 80 டிகிரி சாய்ந்த பரப்பில் அது சுமார் 35 மி.மீ. நீளக் கோடாக இழுபடும். அதன் கிட்ட முனைக்கும் எட்ட முனைக்கும் தூரத்தில் 34 மி.மீ. வித்தியாசம். கருவி இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் எண்ணைத்தான் சொல்ல முடியும். தூணின் விளிம்பில் பாதிப் புள்ளியும் பின்சுவரில் பாதியும் விழும்போதும் இந்தக் கலப்படம்தான். விளிம்பை அளக்க வேண்டுமானால் அங்கே அட்டையை நிறுத்தி, புள்ளி முழுவதும் அட்டைமேல் விழும்படி பாருங்கள்.

படி 4: சந்தேகம் வந்தால்

கருவியை இருந்த இடத்திலேயே வைத்துத் திரும்ப அளப்பதில் பயனில்லை; கண்ணாடி ஊடுருவலும் தெர்மாகோல் தப்பும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வரும். இலக்கை நோக்கி நேர்கோட்டில், ஸ்டீல் டேப்பால் அளந்து சரியாக 1 மீட்டர் முன்னால் நகர்த்தி மறுபடி அளங்கள். இரண்டு ரீடிங்குக்கும் இடையே வித்தியாசம் 1 மீட்டரிலிருந்து சில மி.மீ.க்கு மேல் விலகினால் ஒளி கலந்து வருகிறது அல்லது கதிர் சாய்ந்திருக்கிறது. வித்தியாசம் சரியாக 1 மீட்டர் வந்தும் மொத்த அளவு பொருந்தவில்லையா? விளிம்பு அமைப்பைப் பாருங்கள், பிறகு புள்ளி நிஜமாகவே எந்தப் பரப்பில் விழுகிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள்.