கையெழுத்தால் திரும்பி வந்த செக்

வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தர ஓனர் ஐயா 40,000 ரூபாய்க்கு செக் கொடுத்தார். திங்கள் காலை என் வங்கியில் போட்டேன். பணம் அன்று மாலையோ மறுநாளோ வந்திருக்க வேண்டும்; வந்தது ரிட்டர்ன் மெமோதான். காரணம், கையெழுத்து பொருந்தவில்லையாம்.

இப்போது காகிதம் போவதில்லை, ஸ்கேன் செய்த படம்தான் போகிறது. ஓனரின் வங்கி அதைத் தன்னிடமுள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடும். அவர் கணக்குத் தொடங்கி இருபது வருடம். இப்போது கை நடுங்குகிறது, கடைசிச் சுழி கோணலாகிவிட்டது.

அதே செக்கை மறுபடி போட்டிருந்தால் மறுபடியும் திரும்பியிருக்கும். ஆதாரோடு அவரை அவருடைய கிளைக்கு அழைத்துப் போய் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பித்தோம். அப்புறம் புது செக் எழுதித் தந்தார். மறுநாளே பணம் ஏறியது. ரிட்டர்ன் கட்டணம் மட்டும் என் தலையில்.