காம்போசிட் பொசிஷன்: கீழ்வரியை விளிம்பிலிருந்து அளக்காதீர்கள்

கப்பலூர் சிட்கோவிலோ கே.புதூர் எஸ்டேட்டிலோ துளை போடும் விஎம்சி மெஷின் ஓட்டும் ஒரு பட்டறைக்கு இப்படி ஒரு டிராயிங் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அலுமினிய பிளேட்டில் 60 மி.மீ. சதுரத்தின் நான்கு மூலைகளில் 8 மி.மீ. துளைகள். துளை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் பொசிஷன் குறி ஒன்றுதான், ஆனால் அதற்கு வலப்பக்கம் கட்டம் இரண்டு வரியாகப் பிரிகிறது. இதைத்தான் காம்போசிட் பொசிஷன் என்கிறோம். மேல்வரியில் துளையின் மையம் இருக்க வேண்டிய மண்டலத்தின் விட்டம் 0.5, அளவுக்கு ஆதாரமாகும் டேட்டம் ஏ, பி, சி. கீழ்வரியில் விட்டம் 0.1, டேட்டம் ஏ மட்டும். ஏ என்பது பிளேட்டின் அடிப்பரப்பு. பி, சி இரண்டும் பக்க விளிம்புகள்.

இதில் நடக்கும் பெரிய தவறு, இரண்டு வரியையும் ஒரே அளவீட்டோடு ஒப்பிடுவது. விளிம்பிலிருந்து அளந்து, டிராயிங்கில் உள்ள இடத்திலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். முதல் துளை எக்ஸில் 0.15, ஒய்யில் 0.10. இரண்டாவது 0.17, 0.08. மூன்றாவது 0.16, 0.12. நான்காவது 0.12, 0.10. எல்லாம் பிளஸ் பக்கம். மூன்றாவதுதான் அதிகம் விலகியது: 0.16, 0.12 என்றால் நேர்த்தூரம் 0.20, அதன் இருமடங்காக விட்டக் கணக்கில் 0.40. மேல்வரியின் 0.5-க்குள் இருக்கிறது. கீழ்வரியின் 0.1-ஐத் தாண்டிவிட்டதே என்று பிளேட் ரிஜெக்ட் ஆகிறது.

அந்தப் பிளேட் நல்ல பிளேட். மேல்வரிதான் துளைக் கூட்டம் விளிம்பிலிருந்து எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கீழ்வரி கேட்பது வேறு: துளைகளுக்குள் ஒன்றுக்கொன்று இடைவெளி சரியா, அடிப்பரப்புக்குச் செங்குத்தா? 0.1 விட்டமுள்ள நான்கு மண்டலங்களும் தங்களுக்குள் 60 மி.மீ. இடைவெளியை விடாமல், கூட்டமாகவே எங்கு வேண்டுமானாலும் நகரலாம். இங்கே பிளேட்டை நிறுத்தும் ஸ்டாப்பர் சற்று விலகியதால் நான்கு துளைகளும் ஒரே பக்கமாக நகர்ந்திருக்கின்றன. அந்தப் பொது நகர்வான 0.15, 0.10-ஐக் கழித்தால், மீதியில் பெரியது நான்காவது துளையின் 0.03, விட்டத்தில் 0.06. தாராளமாகப் பாஸ். மூடியில் இதே 60 மி.மீ. சதுரத்தில் இருக்கும் போல்ட்டுகள் தடையில்லாமல் இறங்கும். மூடி விளிம்போடு கொஞ்சம் முன்பின் நிற்கும், அவ்வளவுதான். டிசைனர் இரண்டு வரி போட்டதே இதற்காக.

கணக்கே போடாமல் கிராஃப் தாளில் இதைப் பார்க்கலாம். மேசையில் எப்போதும் ஒரு தாள் இருக்க வேண்டும் என்பேன். 0.01 மி.மீ. விலகலுக்குத் தாளில் 1 மி.மீ. என்று வைத்து, நான்கு விலகல்களையும் நான்கு புள்ளிகளாகக் குறியுங்கள். மூலப்புள்ளியை மையமாக வைத்து 50 மி.மீ. விட்டத்தில் வட்டம் போடுங்கள். எல்லாப் புள்ளியும் அதற்குள் இருந்தால் மேல்வரி பாஸ். பிறகு ஒளிபுகும் தாளில் 10 மி.மீ. விட்ட வட்டம் ஒன்றை வெட்டியெடுத்து, புள்ளிகள்மேல் நகர்த்துங்கள். எங்கே வைத்தாவது நான்கும் உள்ளே வந்தால் கீழ்வரியும் பாஸ். சின்ன வட்டம் முழுதாகப் பெரிய வட்டத்துக்குள் இருந்தாக வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். புள்ளிகள் இரண்டுக்குள்ளும் இருந்தால் போதும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முதல் துளை எக்ஸில் மைனஸ் 0.12, இரண்டாவது பிளஸ் 0.12 என்றால் விளிம்புக் கணக்கில் இரண்டும் 0.24தான், மேல்வரியில் பாஸ். ஆனால் அவற்றின் இடைவெளி 60.24. கீழ்வரி 0.1-க்கு மேல் விடாது. சின்ன வட்டத்தை எங்கே நகர்த்தினாலும் இரண்டு புள்ளியும் சேர்ந்து உள்ளே வராது. மேல்வரியை மட்டும் பார்த்து அனுப்பிய பிளேட் அசெம்பிளியில் மாட்டாமல் திரும்பி வரும்.

கிராஃப் தாள் காட்டாதது, சுழற்சி. கீழ்வரியில் ஏ மட்டும் இருந்தால் துளைக் கூட்டம் சற்றுத் திரும்பவும் செய்யலாம். 60 மி.மீ.-க்கு 0.15 ஏறும் அளவு மொத்தச் சதுரமும் தன் மையத்தில் திரும்பியிருந்தால், ஒவ்வொரு துளையும் விட்டக் கணக்கில் சுமார் 0.21 விலகும். தாளில் இது ஃபெயில் போலத் தெரியும். சிஎம்எம் என்ற அளக்கும் இயந்திரத்தில் டேட்டம் ஏ-வை மட்டும் பிடித்து, கூட்டத்தை நகர்த்தியும் திருப்பியும் பொருத்தும் பெஸ்ட் ஃபிட் கொடுத்தால் பாஸ். கீழ்வரியில் ஏ, பி என்று இருந்தால் அதே பிளேட் ரிஜெக்ட், ஏனென்றால் அங்கே பி சுழற்சியைப் பிடித்துவிடுகிறது. பி அங்கே தூரத்தைப் பிடிப்பதில்லை. பி விளிம்பிலிருந்து கூட்டம் தாராளமாக நகரலாம்.

இதெல்லாம் பொசிஷன் குறி இரண்டு வரிக்கும் பொதுவாக ஒரே ஒருமுறை இருந்தால்தான். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் குறி இருந்தால் அது காம்போசிட் இல்லை. கீழ்வரியில் உள்ள பி தூரத்தையும் பிடிக்கும். நான் சொன்ன விதி ஏஎஸ்எம்இ ஒய்14.5 தரத்துடையது, ஐஎஸ்ஓ டிராயிங்குக்கு அப்படியே பொருந்தாது. அளக்க உட்காரும் முன் டைட்டில் பிளாக்கில் எந்தத் தரம் என்று பாருங்கள், பிறகு குறியை எண்ணுங்கள்.